இரண்டாம் வயலின்கள் எங்கே அமர வேண்டும்?

கேள்வி: "சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் மட்டும் முப்பது பேர் வாசிக்கிறார்கள், டிரம்பெட் இரண்டு மூன்று பேர்தான். ஏன் இப்படி? ஒவ்வொரு கருவிக் குடும்பமும் என்ன செய்கிறது? சில காணொளிகளில் இரண்டாம் வயலின்கள் முதல் வயலின்களுக்குப் பக்கத்திலும், சிலவற்றில் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறார்களே, அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?"

எண்ணிக்கைக்கும் இருக்கைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு கருவி எவ்வளவு ஒலி எழுப்புகிறது, அந்த ஒலியை எந்தத் திசையில் வீசுகிறது, அதை வாசிப்பவர் யாரைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் மேடையின் வரைபடம் ஏறத்தாழ தானாகவே உருவாகிவிடும். தானாக உருவாகாமல் இன்றுவரை விவாதத்தில் இருக்கும் ஓரிடம், நீங்கள் சரியாகக் கண்டுகொண்ட இரண்டாம் வயலின்களின் இடம். நான் பல ஆண்டுகளாக அந்தப் பிரிவில் இரண்டு பக்கங்களிலும் அமர்ந்து வாசித்தவன். ஆகவே தந்திக் கருவிகளைப் பற்றிச் சொல்வதை உள்ளிருந்து சொல்கிறேன். காற்றுக் கருவிகளையும் தாளக் கருவிகளையும் பற்றிச் சொல்வது அவற்றுக்கு முன்னால் அமர்ந்து கேட்டதிலிருந்தும், அவற்றை வாசிக்கும் நண்பர்களிடம் கற்றதிலிருந்தும் வருகிறது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். முழு அளவிலான ஓர் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது நன்கு பழகிய கணக்கு. இசைக்கேற்ப இது குறையும். மோட்ஸார்ட்டின் சிம்ஃபனிக்கு இதில் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பதினாறு பேர் சேர்ந்து வாசித்தால் ஒருவர் வாசிப்பதைப்போலப் பதினாறு மடங்கு உரக்கக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை. ஒலி எழுப்புவோரின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் கூடுகிறது. ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பதினாறாகும்போது மொத்தம் 12 டெசிபெல் கூடியிருக்கும். 10 டெசிபெல் கூடினால்தான் நமக்கு 'இரு மடங்கு உரக்க' என்ற உணர்வு வருகிறது. அதாவது, பதினாறு வயலின்கள் ஒரு வயலினைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகமாக மட்டுமே உரத்துக் கேட்கும். ஒரே ஒரு டிரம்பெட் முழு வேகத்தில் ஊதினால் அத்தனை வயலின்களுக்கும் மேலாக அது தெளிவாகக் கேட்பது இதனால்தான். டிரம்பெட்டுக்கு ஆள் சேர்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அப்படியானால் அத்தனை வயலின்கள் எதற்கு? அந்தக் கூட்டம் தருவது முதன்மையாக ஒலியின் அளவை அன்று, ஒலியின் தன்மையை. ஒரே சுரத்தைப் பதினாறு பேர் வாசிக்கும்போது ஒவ்வொருவரின் சுருதியும் இம்மியளவு வேறுபடும். விரல் அசைவின் வேகம் வேறுபடும். வில் தந்தியைத் தொடும் கணமும் நூலிழை அளவுக்கு முன்பின்னாக இருக்கும். இந்தச் சிறு வேறுபாடுகள் ஒன்றோடொன்று கலந்து, தனி வயலினுக்கு உரிய கூர்மையை அகற்றி, ஒரு பரப்பாக விரியும் ஒலியை உண்டாக்குகின்றன. தனி வயலின் எவ்வளவு நன்றாக வாசிக்கப்பட்டாலும் இதைத் தர முடியாது. மாறாக, இரண்டு பேர் மட்டும் ஒரே வரியை வாசித்தால் அந்தச் சுருதி வேறுபாடு கலந்து மறையாமல் உறுத்தலாகக் கேட்கும். மூன்று பேருக்கு மேல் போன பிறகுதான் கலப்பு தொடங்குகிறது என்பது வாசிப்பவர்களின் பொதுவான அனுபவம். தந்திக் குடும்பத்தின் இன்னொரு கொடை, மூச்சு தேவைப்படாமை. வில்லை ஒருவர் திருப்பும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் திருப்பாமல் இருக்க முடியும். அதனால் ஒரு சுரத்தை இடைவெளியே இல்லாமல் எவ்வளவு நேரமும் நீட்டலாம். டபுள் பாஸின் அடித்தந்தியான 41 ஹெர்ட்ஸ் முதல் வயலினின் உச்சி வரை ஏறக்குறைய ஒரே இனத்து ஒலி தொடர்ந்து கிடைப்பதால், இசையமைப்பாளர்கள் மற்ற எல்லாக் குடும்பங்களையும் இதன்மீது நிறுத்தி எழுதினார்கள்.

இந்தக் குடும்பத்துக்குள்ளும் வேலைப் பங்கீடு உண்டு. முதல் வயலின்கள் பெரும்பாலும் மேல்வரியைச் சுமக்கின்றன. இரண்டாம் வயலின்கள் அதே கருவிதான். அதே வரியை ஓர் எட்டுச்சுரம் கீழே வாசித்துத் தடிப்பாக்கும், அல்லது உள்ளே ஓடும் துடிப்பைக் கொடுக்கும், அல்லது முதல் வயலினுக்குப் பதில் சொல்லும். வயோலா நடுக்குரலை நிரப்புகிறது. அது நின்றுவிட்டால் எது குறைந்தது என்று சொல்லத் தெரியாமலேயே கேட்பவர் வெறுமையை உணர்வார். செல்லோவும் டபுள் பாஸும் ஹைடன், மோட்ஸார்ட் காலத்தில் பெரும்பாலும் ஒரே வரியையே வாசித்தன. பாஸ் அதை ஓர் எட்டுச்சுரம் கீழே ஒலித்தது. பிற்காலத்தில் அவை பிரிந்து தனி வரிகளைப் பெற்றாலும் ஒன்றை ஒன்று கேட்க வேண்டிய தேவை போகவில்லை. எந்த ஏற்பாட்டில் பார்த்தாலும் பாஸ்கள் செல்லோக்களுக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருப்பதைக் காண்பீர்கள். வியன்னாவின் மூஸிக்ஃபெரைன் அரங்கில் பாஸ்களை மேடையின் பின்சுவரை ஒட்டி ஒரே வரிசையில் நிறுத்துவது அங்குள்ள பழக்கம்; அங்கே அவை மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் அடியில் நின்று ஒலிக்கின்றன.

தந்திக் கலைஞர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட் என்று அமர்வார்கள். அரங்கத்தை ஒட்டிய வெளிப்புறத்தில் இருப்பவர் வாசிப்பை நிறுத்துவதில்லை. உட்புறத்தில் இருப்பவர் பக்கம் திருப்புவார். ஒரு வரி இரண்டாகப் பிரியும் இடத்தில், வேறு குறிப்பு இல்லாவிட்டால், வெளிப்புறத்தவர் மேல்சுரத்தையும் உட்புறத்தவர் கீழ்ச்சுரத்தையும் எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் வயலினின் முதல் ஸ்டாண்டில் வெளிப்புறம் அமர்ந்திருப்பவரே கான்செர்ட் மாஸ்டர். வில் எந்தச் சுரத்தில் மேலே போக வேண்டும், எதில் கீழே வர வேண்டும் என்று அவர் முடிவு செய்ததைப் பார்த்து மற்றப் பிரிவுத் தலைவர்கள் தம் பிரிவுக்குக் குறித்துக்கொள்வார்கள். அது பின் ஸ்டாண்டுகள் வரை போய்ச்சேரும். ஒரு பிரிவின் விற்கள் எல்லாம் ஒரே திசையில் அசைவதைப் பார்வைக்கான ஒழுங்காக மட்டும் எண்ண வேண்டாம். கீழ்நோக்கி இழுக்கும் வில்லுக்கு இயல்பாகவே தொடக்கத்தில் எடை அதிகம் என்பதால், திசை மாறினால் அழுத்தமும் மாறிவிடும்.

மரக்காற்றுக் கருவிகளின் நியதி இதற்கு நேர்மாறானது. அங்கே கூட்டம் இல்லை; ஒவ்வொருவருக்கும் தனி வரி. முதல் ஓபோவின் வரியை உலகில் அந்த ஒருவர்தான் அந்த நேரத்தில் வாசிக்கிறார். புல்லாங்குழலின் கீழ்ப்பகுதி மென்மையானது, எளிதில் மூழ்கிவிடும். மேல்பகுதி பளிச்சென்று மேலே மிதக்கும். ஓபோவின் இரட்டை நாணல் தரும் ஒலி மெலிந்திருந்தாலும் எதையும் ஊடுருவும். கிளாரினெட் கேட்கவே முடியாத மெல்லொலியிலிருந்து தொடங்கி உரத்து எழக்கூடியது. அந்த வீச்சில் இக்குடும்பத்தில் அதற்கு இணை இல்லை. பசூன் கீழே நின்று தாங்கும், தேவைப்பட்டால் மேலே ஏறித் தனியாகப் பாடும். தந்திக் கருவிகள் கொடுக்கும் ஒரே இனப் பரப்பின்மேல் தனித்தனி முகமுடைய குரல்களை நிறுத்துவதே இவற்றின் வேலை.

இவை மேடையின் நடுவில், தந்திக் கருவிகளுக்குப் பின்னால், சற்று உயர்ந்த படிகளில் அமர்கின்றன. முன் வரிசையில் புல்லாங்குழல்களும் ஓபோக்களும், அவற்றுக்கு நேர் பின்னால் கிளாரினெட்டுகளும் பசூன்களும். இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு: எண்ணிக்கை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகும். முதல் புல்லாங்குழலும் முதல் ஓபோவும் அடுத்தடுத்து இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் கிளாரினெட்டும் முதல் பசூனும் அடுத்தடுத்து. இரண்டாம் கலைஞர்களும், பிக்கோலோ, இங்லிஷ் ஹார்ன், பாஸ் கிளாரினெட், கான்ட்ரா பசூன் போன்ற துணைக் கருவிகளும் இரு பக்கமும் வெளியே விரிவார்கள். ஆக, நான்கு தலைமைக் கலைஞர்களும் ஒரு சிறு சதுரத்தின் நான்கு மூலைகளில், ஒருவர் மூச்சு இழுப்பது மற்றவருக்குக் கேட்கும் தொலைவில் இருக்கிறார்கள். ஒரு மெட்டை ஓபோ முடிக்கும் கணத்தில் கிளாரினெட் அதே சுருதியில், அதே அளவில் வாங்கிக்கொள்ள வேண்டும்; நான்கு மீட்டர் தள்ளி இருந்தால் அதை அவ்வளவு நுட்பமாகச் செய்ய இயலாது. ஓபோ இந்தச் சதுரத்தில் இருப்பதால் தொடக்கத்தில் அது கொடுக்கும் சுருதியும் மேடையின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் போகிறது.

பித்தளைக் குடும்பத்தில் ஹார்னைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதன் வாய் பின்னோக்கி இருக்கிறது. வாசிப்பவர் வலது கையை அதன் மணிவாய்க்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் வால்வுகளை இயக்குகிறார்; ஒலி அவருடைய வலப்பக்கமாகப் பின்னால் போய், சுவரில் மோதித் திரும்பித்தான் அரங்கத்தை அடைகிறது. ஹார்னின் உருண்டையான, தொலைவிலிருந்து வருவது போன்ற ஒலிக்கு இந்தத் திரும்பல் ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஹார்ன்களுக்குப் பின்னால் எது இருக்கிறது என்பது மிக முக்கியமானது. கெட்டியான மரச்சுவர் நெருக்கமாக இருந்தால் ஒலி சட்டென்று முரட்டுத்தனமாகிவிடும். கனத்த திரைச்சீலை இருந்தால் ஒலி அங்கேயே உறிஞ்சப்பட்டு, கலைஞர்கள் தங்களை அறியாமல் அதிகமாக ஊதத் தொடங்குவார்கள். மோசமான ஏற்பாடு, ஹார்ன்களுக்கு நேர் பின்னால் டிம்பனியை வைப்பது. திறந்த மணிவாய்க்குள் டிம்பனியின் அதிர்வு புகுந்து உதட்டின் அதிர்வைக் குலைத்துவிடும் என்று ஹார்ன் கலைஞர்கள் சொல்வார்கள். நல்ல கலைஞரும் சுரத்தைத் தொடங்கும் கணத்தில் தவறுவதை அப்படிப்பட்ட மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஹார்ன் ஒலி மரக்காற்றுடனும் செல்லோவுடனும் இயல்பாகக் கலக்கும் என்பதால், அவை மற்றப் பித்தளைக் கருவிகளிடமிருந்து பிரிந்து மரக்காற்றுக்கு அருகில் வைக்கப்படுவது அடிக்கடி காணக்கூடியது.

டிரம்பெட்டும் டிராம்போனும் நேர் முன்னோக்கி வீசுபவை. அவற்றின் உயர் அதிர்வெண்கள் ஒரு குறுகிய கற்றையாகவே போகின்றன. பின்வரிசையில் படிகளின்மேல் வைத்தால் அந்தக் கற்றை முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலே போய் அரங்கத்தைச் சேரும். படி இல்லாவிட்டால் அது வயோலா கலைஞர்களின் காதில் இறங்கும். இது வெறும் அசௌகரியம் அன்று. 2012இல் லண்டனில் ஓர் இசைநாடக அரங்கின் குழியில், வாக்னரின் படைப்புக்கான ஒத்திகையில், டிரம்பெட்டுகளுக்கு நேர் முன்னால் அமர்த்தப்பட்ட வயோலா கலைஞர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2018இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒளி ஊடுருவும் தடுப்புகளை இன்று சில மேடைகளில் நீங்கள் பார்ப்பதற்கும், வரிசைகளுக்கு இடையே இடைவெளி கூடியதற்கும் இத்தகைய அனுபவங்களே காரணம். இசையில் இவற்றின் பங்கு என்ன என்பதற்கு 1808இல் முதலில் வாசிக்கப்பட்ட பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியே போதுமான சான்று. மூன்று பகுதிகள் முழுக்க டிராம்போன்கள் பேசாமல் காத்திருக்கின்றன. நான்காம் பகுதி தொடங்கும் இடத்தில், மேலே பிக்கோலோவும் கீழே கான்ட்ரா பசூனும் சேர, அவை நுழைகின்றன. கேட்பவருக்கு ஒலி உரத்துப்போனது என்பதைவிட இடமே பெரிதாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

தாளக் கருவிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டிம்பனி சுருதி உடையது. பாஸ்களின் அடிச்சுரத்துக்கு முனை கொடுப்பதும், உச்சங்களைக் குறிப்பதும் அதன் வேலை. மற்றவை நிறம் சேர்க்கின்றன. எல்லாம் பின்னால் இருப்பதற்குக் காரணம் அவற்றின் ஒலி எவ்வளவு தொலைவிலிருந்தும் தெளிவாகச் சேரும் என்பதே. ஆனால் தொலைவு ஒரு விலை கேட்கும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 12 மீட்டர் பின்னால் இருக்கும் டிம்பனிக்கு முன்வரிசை வயலினின் ஒலி போய்ச்சேர 35 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால்பகுதி 125 மில்லிநொடி. டிம்பனிக் கலைஞர் வயலின்களைக் கேட்டு, அதனுடன் சேர்ந்து அடித்தார் என்றால், அந்த அடி திரும்ப முன்னால் வரும்போது 70 மில்லிநொடி தாமதித்திருக்கும். அது யாருக்கும் பிசகாகவே கேட்கும். ஆகவே பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல் நடத்துநரின் கோலை நம்பி, தாங்கள் கேட்பதற்குச் சற்று முன்னதாகவே வாசிக்கப் பழகுகிறார்கள்.

இப்போது இரண்டாம் வயலின்களுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவலாக இருந்த வழக்கம், முதல் வயலின்களை நடத்துநரின் இடப்பக்கத்திலும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கத்திலும் எதிரெதிராக அமர்த்துவது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரிட்டனில் ஹென்றி வுட், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டோக்கோவ்ஸ்கி போன்ற நடத்துநர்கள் இரண்டு வயலின் பிரிவுகளையும் இடப்பக்கத்தில் சேர்த்தார்கள். வலப்பக்க விளிம்புக்குச் செல்லோக்கள் வந்தன. அந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியது. செல்லோக்களை உள்ளே வைத்து வயோலாக்களை விளிம்பில் அமர்த்தும் இன்னொரு வகை ஜெர்மன் நடத்துநர் ஃபுர்ட்வாங்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடந்த சில பத்தாண்டுகளில், பழைய இசையை அது எழுதப்பட்ட காலத்து முறையில் வாசிக்க முயல்பவர்களின் தாக்கத்தால், எதிரெதிர் ஏற்பாடு மீண்டும் பரவலாகியிருக்கிறது. நீங்கள் பார்த்த காணொளிகளின் வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் இதுதான்.

ஒலியியல் காரணம் வேறு. வயலின் இடது தோளில் அமர்கிறது. அதன் மேல்பலகையும், அதில் வெட்டப்பட்ட இரண்டு ஒலித்துளைகளும் மேல்நோக்கி, வாசிப்பவரின் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அரங்கத்திலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத்தில் அமர்ந்து நடத்துநரை நோக்கியிருப்பவரின் வலக்கைப் பக்கம் அரங்கம் இருக்கிறது. எனவே அவருடைய வயலின் கேட்பவர்களை நோக்கிச் சாய்கிறது. அதே கலைஞர் வலப்பக்கத்துக்குப் போய் நடத்துநரை நோக்கி அமர்ந்தால் அவருடைய வலக்கைப் பக்கம் மேடையின் பின்சுவர். வயலினின் கீழ் அதிர்வெண்கள் எல்லாத் திசையிலும் பரவும், அவற்றுக்குப் பாதிப்பு குறைவு. பளபளப்பைத் தரும் உயர் அதிர்வெண்கள் திசை சார்ந்தவை. அவை பின்சுவரை நோக்கிப் போய்விடும். ஆக, எதிர்ப்பக்கத்தில் அமர்ந்த இரண்டாம் வயலின்கள் சற்று மங்கலாகவும் கருமையாகவும் கேட்பது உறுதி. செல்லோவின் கதை தலைகீழானது. அதன் பலகை வாசிப்பவருக்கு முன்னோக்கி இருப்பதால், வலப்பக்க விளிம்பில் இருக்கும்போது ஒலி மேடைக்குக் குறுக்கே போகிறது. எதிரெதிர் ஏற்பாட்டில் செல்லோக்கள் நடுவே, அரங்கத்தை நேராக நோக்கி வந்துவிடுகின்றன. அவற்றின் குரல் வெளிப்படையாகத் தெளிவடையும்.

வாசிப்பவர்களின் பக்கத்திலிருந்தும் இழப்பு உண்டு. இரண்டு வயலின் பிரிவுகளும் ஒரே ஓட்டத்தை எட்டுச்சுர இடைவெளியில் வேகமாக வாசிக்கும் இடங்களில், பக்கத்தில் இருந்தால் ஒரே கையசைவாக வாசிக்கலாம். எதிர்ப்பக்கத்தின் கடைசி ஸ்டாண்டிலிருந்து கான்செர்ட் மாஸ்டர் 15 மீட்டர் தொலைவில் இருந்தால் அவருடைய ஒலி 44 மில்லிநொடி கழித்துத்தான் வரும். அதோடு நடுவில் வயோலாக்களின் ஒலி நிற்கும். அங்கே அமரும்போது என் பிரிவின் முன் ஸ்டாண்டின் வில்நுனியையே பார்த்து வாசிப்பேன். முதல் வயலினைக் கேட்கப் போனால் பிந்திவிடுவேன். இதற்கு ஈடாகக் கிடைப்பது ஒரு பொறுப்புணர்வு. விளிம்பில் அமர்ந்த பிரிவு ஒளிந்துகொள்ள இடமில்லாததால் அதிகத் தெளிவோடு வாசிக்கத் தொடங்குகிறது; இதை ஒரே ஆர்கெஸ்ட்ராவில் இருக்கை மாறிய வாரங்களில் நேராகக் கண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஓர் எடுத்துக்காட்டாக சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்ஃபனியின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1893 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நடத்தி முதலில் வாசிக்கப்பட்ட படைப்பு அது. கடைசிப் பகுதி, படிப்படியாக இறங்கும் ஒரு துயரமான மெட்டுடன் தொடங்குகிறது. கேட்பவர் எவரும் அதை முதல் வயலின்களின் மெட்டு என்றே சொல்வார். ஆனால் முதல் வயலின்களின் தாளைப் பார்த்தால் அந்த மெட்டு அங்கே இல்லை; மேலும் கீழும் தாவும் கோணலான ஒரு வரி இருக்கிறது. இரண்டாம் வயலின்களின் தாளிலும் மெட்டு இல்லை. வேறொரு கோணலான வரி. மெட்டின் சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பிரிவுகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார் சைக்கோவ்ஸ்கி. மெட்டுக்கு அடியில் கேட்கும் துணைவரியும் அவ்வாறே பிரிந்திருக்கிறது. யாரும் வாசிக்காத ஒரு மெட்டை அரங்கம் முழுவதும் கேட்கிறது. பின்னர் அதே மெட்டு திரும்ப வரும்போது அப்படிப் பிரிக்காமல் முதல் வயலின்களுக்கே முழுதாகக் கொடுத்துவிடுகிறார். ஆக, முதல் முறை பிரித்தது தற்செயல் அன்று.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சுரங்கள் அப்படிப் பிரிக்கப்பட்டிருப்பது அச்சில் இருக்கிறது, ஐயமில்லை. வயலின்களை எதிரெதிராக அமர்த்துவது அந்தக் காலத்துப் பரவலான வழக்கம் என்பதும் உறுதி. ஆனால் ஒலி இடமும் வலமுமாக ஆடவேண்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படி எழுதினார் என்பது ஊகம். தாளில் இருக்கை பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. இந்த ஊகத்துக்கு எதிரான வலுவான சான்றும் உண்டு. 1970களில் உளவியலாளர் டயானா டாய்ச், ஏறும் இறங்கும் சுரவரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு காதுகளுக்கும் பிரித்துக் கொடுத்துச் சோதித்தார். கேட்டவர்களில் பெரும்பாலோர் தாவல்களைக் கேட்கவில்லை. அருகருகே உள்ள சுரங்களை ஒரே ஓட்டமாகச் சேர்த்துச் சீரான வரிகளாகவே கேட்டார்கள். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைவிட, சுரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதற்கே செவி முன்னுரிமை கொடுத்தது. சைக்கோவ்ஸ்கியின் இந்தத் தொடக்கத்தை டாய்ச்சே இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியிருக்கிறார். அப்படியானால் எதிரெதிராக அமர்ந்தாலும் அரங்கத்தில் பந்து ஆடுவதுபோல மெட்டு இடம் மாறிக் கேட்காது.

பிறகு ஏன் அது வேறுபட்டுக் கேட்கிறது? என் விளக்கம் இது, இதை ஒரு வாசிப்பவரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். தாவிப் பாயும் வரியை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் வில் தனி அழுத்தம் தரும். சீராக இறங்கும் மெட்டை வாசித்தால் கை இயல்பாக அதை வழுக்கிக் கட்டிவிடும். பிரித்து எழுதியதால் மெட்டின் ஒவ்வொரு சுரமும் தனித்தனிச் சுமையோடு வருகிறது. இரு பிரிவுகளும் சேர்ந்து அமர்ந்தால் ஒரே நிறத்தில் இணைந்த துயரம் கேட்கும். எதிரெதிராக அமர்ந்தால் ஒரு சுரம் பளிச்சென்றும் அடுத்தது சற்று மங்கியும் வருவதால், மெட்டு ஒரே இடத்தில் நிற்காமல் மேடை முழுவதும் பரவியதாகத் தோன்றும். இந்தத் தோற்றம் நடு இருக்கைகளில் நன்றாகவும், ஓர இருக்கைகளில் பலவீனமாகவும் இருக்கும். வாசிக்கும்போது எங்களுக்கு நேரும் சிக்கல், இரண்டு பிரிவுகளின் அளவும் சமமாக இல்லாவிட்டால் மெட்டில் ஓட்டை விழுவதுதான். முதல் வயலின்கள் 16, நாங்கள் 14. போதாக்குறைக்கு நாங்கள் பின்சுவரை நோக்கியிருக்கிறோம். எனவே எதிர்ப்பக்கம் அமர்ந்து இதை வாசிக்கும்போது, தாளில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு படி மேலே இரண்டாம் வயலின்கள் வாசிக்க வேண்டும். ஒத்திகையில் இது சரியாக இருக்கிறதா என்பதை மேடையிலிருந்து அறிய முடியாது. உதவி நடத்துநர் அரங்கத்தின் நடு வரிசையில் நின்று, மெட்டு மாறி மாறி விம்முகிறதா அல்லது சீராக இறங்குகிறதா என்று கேட்டுச் சொல்வார்.

முடிவு நடத்துநருடையது, கான்செர்ட் மாஸ்டரையும் பிரிவுத் தலைவர்களையும் கலந்துகொண்டு எடுக்கப்படுவது. ஆனால் அரங்கத்தின் வடிவமும் ஆர்கெஸ்ட்ராவின் பழக்கமும் அவரைக் கட்டுப்படுத்தும். பக்கச் சுவர்கள் நெருக்கமாக உள்ள மேடையில் வலப்பக்க வயலின்கள் இழக்கும் பளபளப்பைச் சுவர்கள் ஓரளவு திருப்பித் தந்துவிடும்; அகன்ற, பின்புறம் திறந்த மேடையில் அது திரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அமர்ந்து பழகியவர்களை ஒரே வார ஒத்திகையில் எதிரெதிராக மாற்றினால் வேகமான பகுதிகளில் ஒருங்கிணைப்பு குலையும் என்பதால், விருந்தினராக வரும் நடத்துநர்கள் பலரும் அந்தந்த ஆர்கெஸ்ட்ராவின் ஏற்பாட்டையே ஏற்றுக்கொள்கிறார்கள். வயலின்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும்படி எழுதப்பட்ட 18, 19ஆம் நூற்றாண்டு இசைக்கு எதிரெதிர் ஏற்பாடும், சேர்ந்த ஏற்பாடே வழக்கமாகிவிட்ட பிறகு எழுதப்பட்ட இசைக்குச் சேர்ந்த ஏற்பாடும் பொருத்தம் என்பது என் கருத்து. இதை மறுக்கும் நல்ல கலைஞர்களும் உண்டு. உரையாடலைவிடச் சேர்ந்த வயலின்களின் செறிவே முக்கியம் என்பது அவர்களின் வாதம், அதிலும் பொருள் இருக்கிறது.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், அதே ஆறாம் சிம்ஃபனியின் கடைசிப் பகுதியை இரண்டு ஏற்பாடுகளிலும் உள்ள காணொளிகளில், ஹெட்ஃபோன் வைத்து, முதல் ஒரு நிமிடம் மட்டும் கேளுங்கள். படத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். பார்த்துக்கொண்டே கேட்டால் கண் சொல்வதைக் காது ஒப்புக்கொண்டுவிடும். ஒரு வரம்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் மேலே தனி மைக்குகள் தொங்கும். பின்சுவரை நோக்கிப் போகும் பளபளப்பைக்கூட அந்த மைக் மேலிருந்து பிடித்துவிடும், ஒலிப்பதிவாளர் இரண்டாம் வயலின்களைத் தேவையான அளவுக்கு உயர்த்தியும் விடுவார். ஆகவே மெட்டு இடமும் வலமுமாக விரிவதைப் பதிவில் கேட்கலாம். ஆனால் நான் சொன்ன மங்கலை நேரில், அதுவும் அரங்கத்தின் நடுப்பகுதி இருக்கையில் அமர்ந்துதான் கேட்க முடியும்.